எண்பத்தைந்தில் நின்ற எண்

காலை ஒன்பதே காலுக்குக் கருவிப் பிரிவின் தொலைபேசி மணியடித்தபோது, திருப்புளி ஒரு பழைய ஈசிஜி இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா செருகும் இடத்தில் அவர் திருப்புளி செருகியிருப்பார். அதனால் பெரிய டாக்டர் முதல் வாசல் காவலர் வரை அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் திருப்புளிதான்.

"கொஞ்சம் ஓடி வாங்க," என்றாள் எண்டோஸ்கோபி அறை நர்ஸ். "விரல்ல மாட்டுற ஆக்ஸிஜன் மீட்டர் கெட்டுப்போச்சு. எண்பத்தஞ்சுலயே ஒட்டிக்கிட்டு நிக்குது. டாக்டர் சார் குதிக்கிறார்."

"போன வாரம்தானே சிஸ்டர் அதைச் சோதிச்சுக் கொடுத்தேன்? யாருக்கு மாட்டியிருக்கு?"

"நம்ம சலவை அக்காவுக்கு."

திருப்புளி ஈசிஜி இயந்திரத்தைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு, மாற்று விரல்கவ்வி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, மின்தூக்கிக்குக் காத்திராமல் படியேறினார்.

சலவை அக்கா என்பவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் தலைவி. இருபத்திரண்டு வருடமாக அங்கே படுக்கை விரிப்புகளோடும் டாக்டர்களின் கோட்டுகளோடும் மல்லுக்கட்டுகிறவள். எந்த டாக்டர் எந்தப் பையில் சாக்லேட் வைத்து மறந்துபோவார் என்பது வரை அவளுக்குத் தெரியும். அவளுக்கும் திருப்புளிக்கும் ஒரு பழைய கணக்கு இருந்தது. பணக் கணக்கு இல்லை. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எட்டு மாதத்துக்கு முன்னால், சலவைக்கூடத்தில் துணி உலர்த்தும் எரிவாயு இயந்திரத்தின் புகைக்குழாயைப் பஞ்சு அடைத்துக்கொண்டது. அது யாருக்கும் தெரியாது. அக்காவுக்கு இரண்டு நாளாகத் தலைவலி, குமட்டல். அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போயிருந்த திருப்புளியிடம், "தம்பி, தலை வெடிக்குது, மூச்சும் சரியில்ல, உன் மெஷினை மாட்டிப் பாரேன்," என்றாள். அவரும் மாட்டினார். தொண்ணூற்றொன்பது காட்டியது. "அக்கா, எனக்கே தொண்ணூத்தேழுதான். உங்களுக்குத் தொண்ணூத்தொம்போது. நீங்க ஓட்டப் பந்தயத்துக்கே போகலாம்," என்று சிரித்துவிட்டு வந்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் அக்கா ஈரத்துணிக் கூடையின் மேலேயே மயங்கிச் சாய்ந்தாள். ரத்தத்தைப் பரிசோதித்தபோதுதான் அதில் நூற்றுக்கு இருபத்தேழு பங்கு கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தது தெரிந்தது. முகமூடி வைத்து முழு ஆக்ஸிஜன் கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து இருவரும் எதிர்ப்பட்டால் போதும். "என்ன தம்பி, இன்னைக்கு நான் ஓடலாமா?" என்று அக்கா கேட்பாள். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் அசடு வழியச் சிரிப்பார். ஆனால் அந்த வாரமே அவர் ஆக்ஸிமீட்டரின் தடித்த கையேட்டை வீட்டுக்கு எடுத்துப் போய், ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு பக்கம் விடாமல் படித்தார். பத்து வருடமாக அவர் பழுது பார்த்துவந்த கருவி உண்மையில் எதைப் பார்க்கிறது என்பது அன்றுதான் அவருக்குப் புரிந்தது.

அந்த அக்காதான் இப்போது எண்டோஸ்கோபி மேசையில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஆறு மாத வயிற்றெரிச்சலுக்காகக் குழாய் விட்டுப் பார்க்க வந்தவள். திருப்புளியின் பார்வை அவளுடைய உதட்டில் போய் நின்றது. அது நீலமாகக்கூட இல்லை. மழைக்கு முந்தைய வானம்போல ஒரு சாம்பல் நிறம்.

"வாங்க," என்றார் வயிற்று டாக்டர். குழாயை வெளியே எடுத்துவிட்டிருந்தார், நெற்றியெல்லாம் வியர்வை. "மயக்க மருந்து ரொம்பக் கொஞ்சமாத்தான் கொடுத்தேன். முழிச்சுத்தான் இருக்காங்க, நல்லாவே மூச்சு விடுறாங்க. நெஞ்சுலயும் சத்தம் சுத்தமா இருக்கு. ரெண்டு லிட்டர் ஆக்ஸிஜன் போனப்பவும் எண்பத்தஞ்சு, பத்து லிட்டர் போறப்பவும் எண்பத்தஞ்சு. உங்க மெஷின்தான் செத்துப்போச்சு. சீக்கிரம் மாத்துங்க."

திருப்புளி விரல்கவ்வியைக் கழற்றித் தன் விரலில் மாட்டினார். தொண்ணூற்றெட்டு. "சார், உங்க விரலைக் கொடுங்க," என்று டாக்டருக்கு மாட்டினார். தொண்ணூற்றொன்பது. கொண்டுவந்த புதிய கவ்வியைப் பொருத்தி, அக்காவின் மறுகை விரலில் மாட்டினார். திரையில் துடிப்பின் அலை அழகாக, ஒரே சீராக ஓடியது. எண் ஏறி, தயங்கி, எண்பத்தைந்தில் வந்து உட்கார்ந்தது. இதயத்துடிப்பு நூற்றிருபத்திரண்டு.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார்."

"அப்போ நீங்க போகலாம். சிஸ்டர், மயக்க டாக்டர் மேடத்தை வரச் சொல்லுங்க. மூச்சுக்குழாய் போட வேண்டியிருக்கும்."

அக்கா கண்ணைத் திறந்து திருப்புளியைப் பார்த்தாள். "தம்பி... தலை வலிக்குது," என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "அன்னைக்கு மாதிரியே."

போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இயந்திரம் அவருடைய வேலை. ஆள் டாக்டருடைய வேலை. பதினாறு வருடப் பணியில் அந்தக் கோட்டை அவர் தாண்டியதில்லை. ஆனால் கால் நகர மறுத்தது. அன்றைக்குச் சிரித்துவிட்டுப் போன கால் அது.

அந்த நேரத்தில், சற்று முன் அக்காவிடம் எடுத்துக் கீழ்த்தளத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்த ரத்த வாயுப் பரிசோதனையின் தாள் வந்தது. வயிற்று டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, தாளைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். "ரத்தத்துல ஆக்ஸிஜன் அழுத்தம் ஏராளமா இருக்கு. நிறைவு நூத்துக்குத் தொண்ணூத்தொம்போதுன்னு போட்டிருக்கான். விரல் எண்பத்தஞ்சு, தாள் தொண்ணூத்தொம்போது, உதடு சாம்பல். நான் எதைத்தான் நம்புறது?"

"சார்," என்றார் திருப்புளி. "கீழ இருக்கிற அந்த மெஷின் நிறைவை அளக்கிறதில்ல."

"என்னது?"

"அழுத்தத்தை மட்டும்தான் அளக்கும். அந்த அழுத்தத்துக்கு நல்ல ரத்தமா இருந்தா நிறைவு எவ்வளவு இருக்கணுமோ, அதைத் தானா கணக்குப் போட்டு அச்சடிச்சிடும். நான்தான் சார் அதுக்கு வருஷா வருஷம் சர்வீஸ் பண்றேன். ரத்தமே கெட்டிருந்தா அதுக்குத் தெரியாது."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு மயக்க டாக்டர் வந்தார். குள்ளமான, நிதானமான பெண்மணி. தீப்பிடித்தாலும் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டுதான் ஓடுவார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. நேராக அக்காவிடம் போனார். இமையைத் தாழ்த்திப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமா எண்பத்தஞ்சு?"

"கால் மணி நேரமா மேடம்," என்றாள் நர்ஸ். "எண்பத்தாறு ஆகும், எண்பத்துநாலு ஆகும், திரும்பி வந்துடும்."

"மேடம்," என்றார் திருப்புளி. இனி வந்தது வரட்டும் என்று ஒரு துணிச்சல் வந்துவிட்டது. "இந்தக் கருவியில ரெண்டே ரெண்டு விளக்குதான். ஒண்ணு சிவப்பு, இன்னொண்ணு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. விரல்ல எந்த வெளிச்சம் எவ்வளவு குறையுதுன்னு பார்த்து, ரெண்டுக்கும் உள்ள விகிதத்தை எண்ணா மாத்துது. ரெண்டும் சரிசமமா குறைஞ்சா விகிதம் ஒண்ணு. விகிதம் ஒண்ணுன்னா அதோட பட்டியல்ல எண்பத்தஞ்சுன்னு இருக்கு. ஆக்ஸிஜன் எவ்வளவு கொடுத்தாலும் நகராம அங்கேயே நிக்குதுன்னா, ரெண்டு வெளிச்சத்தையும் ஒரே மாதிரி விழுங்குற ஏதோ ஒண்ணு ரத்தத்துல இருக்கு."

மயக்க டாக்டர் அவரை ஒரு கணம் ஏறிட்டுப் பார்த்தார்.

"தொண்டை மரத்துப்போக என்ன அடிச்சீங்க?"

"பென்சோகெயின் ஸ்ப்ரே," என்றாள் நர்ஸ். "ஒரு தடவைதான் மேடம் அடிச்சேன்."

"குமட்டினாங்கன்னு நானும் ஒரு தடவை அடிச்சேன்," என்றார் வயிற்று டாக்டர் மெதுவாக.

மேசை மேலிருந்து ஒரு கை உயர்ந்தது. மூன்று விரல்கள்: இரண்டு தடவை இல்லை, மூன்று. "வெளியிலயே... முன்னறையில ஒரு பொண்ணு அடிச்சா," என்றாள் அக்கா. "ரொம்ப நேரம்... சும்மா புஸ்ஸுன்னு."

நர்ஸ் அக்காவின் இடது புறங்கையைப் பிடித்துப் பார்த்தாள். அந்தப் பிரிவில் ஒரு வழக்கம்: முன்னறையில் ஸ்ப்ரே அடித்தால், நோயாளியின் புறங்கையில் பேனாவால் ஒரு கோடு போட்டு அனுப்புவார்கள். குறிப்பேட்டில் எல்லாம் முடிந்த பிறகுதான் எழுதுவார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அந்தக் கோடுதான் சீட்டு. "கோடு இல்லையே மேடம்! கோடு இல்லாததாலதான் நான் அடிச்சேன்."

"துடைச்சுட்டேன்," என்றாள் அக்கா. "மைக்கறை. ஊசி போட்டப்ப கொடுத்த ஸ்பிரிட் பஞ்சை வச்சு... அப்பவே எடுத்தாத்தான் போகும்."

இருபத்திரண்டு வருடம் மைக்கறையோடு சண்டை போட்ட கை. சிரிக்க வேண்டிய விஷயந்தான், யாரும் சிரிக்கவில்லை.

மயக்க டாக்டர் ஊசியால் கொஞ்சம் ரத்தம் எடுத்தார். குழலில் ஏறிய ரத்தத்தின் நிறத்தைப் பார்த்து நர்ஸ் மூச்சை உள்ளே இழுத்தாள். கருஞ்சிவப்பு இல்லை, காப்பிக் கஷாயம். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டார். "பக்கத்துல நல்ல ரத்தம் ஒரு சொட்டு வேணும்."

திருப்புளி கையை நீட்டினார். விரல் நுனியில் ஒரு குத்து. அவருடைய சொட்டும் பக்கத்தில் விழுந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அவருடையது காற்றுப் பட்டதும் பளிச்சென்று சிவப்பாக நின்றது. அக்காவுடையது விழுந்தபோது இருந்த அதே பழுப்பு. காற்று பட்டும் மாறவில்லை, ஆக்ஸிஜன் குழாயை நேரே பிடித்தும் மாறவில்லை.

"மெத்ஹீமோகுளோபின்," என்றார் மயக்க டாக்டர். "ரத்தத்துல இருக்கிற இரும்பை அந்த ஸ்ப்ரே மாத்திடுச்சு. மாறின இரும்பு ஆக்ஸிஜனைப் பிடிக்காது. மாறாம மிச்சம் இருக்கிறதும் பிடிச்ச ஆக்ஸிஜனை உடம்புக்கு விட்டுக்கொடுக்காது. நுரையீரல்ல ஒரு கோளாறும் இல்ல. மூச்சுக்குழாய் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல. ஆக்ஸிஜன் அப்படியே போகட்டும். இதை நிஜமா அளக்கிற மெஷின் எங்க இருக்கு?"

"மூணாவது மாடி, தீவிர சிகிச்சைப் பிரிவுல," என்றார் திருப்புளி. "அது நூத்துக்கு மேல நிறத்தைப் பிரிச்சுப் பார்க்கும். அக்காவோட மோனாக்சைடையும் அதுதான் கண்டுபிடிச்சது. செவ்வாய்க்கிழமைதான் சரிபண்ணி வச்சேன். நானே ஓடுறேன்."

ஓடினார். ரத்தக்குழலைக் கையில் வைத்துக்கொண்டு, மனதுக்குள் அந்த இயந்திரத்தின் ஒவ்வொரு வால்வையும் கும்பிட்டுக்கொண்டு ஓடினார். அது ரத்தத்தை உறிஞ்சி, கிறுகிறுவென்று சுழன்று, தொண்ணூறு வினாடி எடுத்துக்கொண்டது. அந்தத் தொண்ணூறு வினாடியில் அவருக்கு ஈரத்துணிக் கூடைதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. தாள் வந்தது. மெத்ஹீமோகுளோபின்: முப்பத்தெட்டு சதவீதம். கார்பன் மோனாக்சைடு: ஒன்று.

திரும்பி வந்தபோது மயக்க டாக்டர் வாசலில் அக்காவின் மகளிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிக் கயிறாக்கிவிட்டிருந்தாள்.

"அம்மாவுக்கு எப்பவாவது மாத்திரை சாப்பிட்டு மஞ்சள் காமாலை வந்து, சிறுநீர் கறுப்பாப் போயிருக்கா? குடும்பத்துல யாருக்காவது?"

"இல்லிங்க மேடம். எங்க யாருக்கும் இல்ல."

"மனச்சோர்வுக்கு மாத்திரை ஏதாவது எடுக்கிறாங்களா?"

"எங்கம்மாவா? அவங்களால மத்தவங்களுக்கு வேணா வரும் மேடம்," என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே அழ ஆரம்பித்தாள்.

"அழாதீங்க. இதுக்கு மருந்து இருக்கு. நான் கேட்டதெல்லாம் இருந்தாத்தான் அது ஆகாது."

மருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் வந்தது. மெத்திலீன் ப்ளூ: மைக்கூடு மாதிரி அடர்ந்த நீலம். அக்காவின் எடை அறுபது கிலோ. அதற்கு அறுபது மில்லிகிராம். மயக்க டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்குப் பரப்பி, மிக மெதுவாக நரம்புக்குள் செலுத்தினார். நீலம் குழாய் வழியே கைக்குள் இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள்.

மூன்றாவது நிமிடத்தில் திரை கத்த ஆரம்பித்தது. எண்பத்தைந்து எண்பதாயிற்று, எழுபத்தைந்து, அறுபத்தாறு.

"மேடம், இறங்குது!" என்றாள் நர்ஸ். "நிறுத்துங்க மேடம்!"

வயிற்று டாக்டர் ஓர் அடி முன்னால் வந்தார். மயக்க டாக்டர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "திருப்புளி, அவங்களுக்குச் சொல்லுங்க."

"அது மருந்தோட நிறம் சிஸ்டர்," என்றார் திருப்புளி. தன் குரலிலேயே அவருக்கு நம்பிக்கை வர ஒரு கணம் பிடித்தது. "சிவப்பு வெளிச்சத்தை அந்த நீலம் குடிச்சிடுது. கெட்ட ரத்தம்தான் குடிக்குதுன்னு மெஷின் நினைச்சுக்குது. கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும். திரையைப் பார்க்காதீங்க, அக்காவைப் பாருங்க."

அவர்கள் அக்காவைப் பார்த்தார்கள். திரை அறுபத்து மூன்று என்று கதறிக்கொண்டிருக்கும்போது, அக்கா மூக்கைச் சொறிந்தாள்.

ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து ஆயிற்று. எண் எழுபதுக்கு வந்தது, எண்பத்தொன்றுக்கு வந்தது. திருப்புளி அதைப் பார்க்கவே இல்லை. உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் ஓரத்தில், கீழுதட்டின் இடது மூலையில், சாம்பல் விலகியது. பிறகு நகத்தடியில். இருபது நிமிடத்துக்குப் பிறகு அக்கா தலையைத் தூக்கி, தனக்குப் போர்த்தியிருந்த துணியைப் பார்த்தாள்.

"இது யாரு மடிச்ச விரிப்பு? ஓரமே சேரல."

நர்ஸ் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பிலேயே கண்ணைத் துடைத்தாள். வயிற்று டாக்டர் பக்கத்து முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

திரை இப்போது தொண்ணூற்றேழு என்றது. துடிப்பு எண்பத்தெட்டு. "தொண்ணூத்தேழு வந்துடுச்சு!" என்றாள் நர்ஸ்.

"வரட்டும்," என்றார் மயக்க டாக்டர். "ஒரு மணி நேரம் ஆகட்டும், இன்னொரு ரத்தம் எடுத்து மேல அனுப்பலாம். அதுவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எடுத்த ரத்தத்தையும் திருப்புளியே கொண்டுபோனார். இந்தத் தடவை ஓடவில்லை. குழலைப் படிக்கட்டு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்: சிவப்பு. சாதாரண, எல்லோருக்கும் இருக்கிற சிவப்பு. அதைப் பார்த்துக்கொண்டே அரை நிமிடம் படியில் நின்றுவிட்டார். பின்னால் வந்த வார்டு ஊழியர், "என்னங்க, வழி விடுங்க," என்று அதட்ட வேண்டியிருந்தது. தாளில் வந்த எண்: நான்கு சதவீதம்.

அவர் திரும்பியபோது அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, முன்னறைப் பெண்ணைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அழுது மூக்கு சிவந்து நின்றாள்.

"விடும்மா. நீ கோடு போட்டே, நான் அழிச்சேன். நாளைக்குப் பேனாவால போடாதே, ஒரு நாடாவைக் கட்டு. பேனாக் கோட்டைப் பார்த்தா என் கை சும்மா இருக்காது."

"நாடாவும் கட்டப்போறோம், அடிக்கிற கையோட குறிப்பேட்டுலயும் எழுதப்போறோம்," என்றார் வயிற்று டாக்டர். "ஸ்ப்ரேயையும் மாத்தப்போறோம். தப்பு உங்களோடது இல்லம்மா, எங்க வழக்கத்தோடது. குறிப்புல அப்படித்தான் எழுதியிருக்கேன்." பிறகு திருப்புளியைப் பார்த்து, "போகலாம்னு சொன்னேன், போகாம நின்னீங்க. நல்ல வேளை," என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு பாராட்டு வருவதே அதிகம்.

அக்கா கழிவறைக்குப் போய்விட்டு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகத்தில் கலவரம். எல்லோரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மேடம்... பச்சையா போகுது," என்றாள். "பச்சைன்னா, புது பெயிண்ட் மாதிரி."

"நீல மருந்து வெளிய வருதும்மா. ஒரு நாள், ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும். பயப்படாதீங்க."

"துணியில பட்டா போகுமா?"

"அது எனக்குத் தெரியாது," என்றார் மயக்க டாக்டர். "நீங்கதான் சொல்லணும்."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். பூட்டி வைத்திருந்த காற்றெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்ததுபோல ஒரு சிரிப்பு. சிரித்து ஓய்ந்ததும் அக்கா திருப்புளியைக் கட்டிலருகே கூப்பிட்டாள்.

"ஏன் தம்பி, அன்னைக்கு நான் செத்துக்கிட்டிருந்தப்ப தொண்ணூத்தொம்போது காட்டுச்சு. இன்னைக்கு மருந்து உள்ள போறப்ப அறுபதுன்னு காட்டுச்சாம். அது மெஷினா, பொய்ப் புளுகனா?"

"பொய் சொல்றதில்ல அக்கா. அதுக்கு ரெண்டே ரெண்டு வகைதான் தெரியும். துணி பிரிக்க ஒரு ஆளை வச்சு, வெள்ளை ஒரு கூடை, சாயம் ஒரு கூடைன்னு மட்டும் சொல்லிக் கொடுத்தா என்ன பண்ணுவான்? அன்னைக்கு உங்க ரத்தத்துல மோனாக்சைடு ஆக்ஸிஜன் இடத்துல உட்கார்ந்துக்கிச்சு. அதுவும் செக்கச்செவேல்னு இருக்கும். ஆக்ஸிஜன்தான்னு நல்ல கூடையில போட்டுட்டான். இன்னைக்குப் பழுப்பு வந்துச்சு. எந்தக் கூடைன்னு தெரியாம நடுவுல நின்னுட்டான். எண்பத்தஞ்சு அதான்."

அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "அப்படிப்பட்ட ஆளை நான் ஒரு நாள்கூட வேலைக்கு வச்சுக்க மாட்டேன்."

"நல்ல ரத்தமா இருக்கிறவங்களுக்கு அவன் கெட்டிக்காரன் அக்கா. சந்தேகம் வந்தா மேல மாடிக்கு அனுப்பணும், அவ்வளவுதான். அன்னைக்கு எனக்குச் சந்தேகம் வரல." அதை அவர் எட்டு மாதமாகச் சொல்ல நினைத்திருந்தார். "நீங்க தலை வலிக்குதுன்னு சொன்னீங்க. நான் எண்ணைப் பார்த்தேன். என்னை மன்னிச்சிடுங்க."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். வழக்கமான கேலி வரும் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை. ஊசி போட்ட கையால் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, இரண்டு தடவை அழுத்தி விட்டாள்.

"சட்டைக் கையில ரத்தம்," என்றாள் பிறகு. குத்திய விரலிலிருந்து எப்போதோ பட்டிருந்த ஒரு பொட்டு. "பச்சைத் தண்ணியில நனை. சுடுதண்ணி காட்டாதே, காட்டினா பிடிச்சுக்கும். போ, இப்பவே போ."

திருப்புளி குழாயடிக்குப் போய்ச் சட்டைக் கையைத் தண்ணீரில் பிடித்தார். தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடி, தெளிந்தது. உள்ளே அக்கா மகளிடம், இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று ஒரு பட்டியலே போட்டுக்கொண்டிருந்தாள். வயிற்று டாக்டர், "இன்னைக்குக் கஞ்சி மட்டும்தான்," என்று சொல்ல, அவள் அதற்கு ஒப்புக்கொள்வதாக இல்லை.